தீபாவளி லீவுக்கு முன் எந்தத் தேதியைச் சொல்வது, யாரிடம் சொல்வது?

எங்களுடையது திருப்பூரில் ஒரு சிறிய அட்டைப்பெட்டி யூனிட். பனியன் கம்பெனிகளுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கும் கார்ட்டன் பாக்ஸ் போட்டுக் கொடுக்கிறோம். வாடிக்கையாளர்கள் 140 பேர் இருப்பார்கள். வருடத்தில் நீளமான லீவு என்றால் தீபாவளி ஒன்றுதான். அந்த லீவை வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது ஒரு வரி வேலை என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை விடுமுறை, அனைவருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

ஒரு வருடம் லீவு விடுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது பழைய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. "நாளன்னிக்குத்தானுங்கண்ணா லீவு விடறீங்க? அதுக்குள்ள ஒரு 600 பாக்ஸ் வேணுமுங்க." அவர் பேரில் தப்பே இல்லை. நாங்கள் அனுப்பியதைப் படித்து, அதில் இருந்த தேதியை நம்பித்தான் கேட்டார். ஆனால் எங்களிடம் அப்போது பேஸ்டிங்குக்கு ஆள் இல்லை, 5 பிளை, அதாவது ஐந்து அடுக்கு அட்டைக்கு வேண்டிய பேப்பரும் இல்லை. தைத்து, அயர்ன் செய்து, பாலிபேக்கில் போட்ட துணி அவர் பேக்கிங் செக்‌ஷனில் அடுக்கியபடி நின்றது. பெட்டி இல்லாமல் லாரி ஏற்ற முடியாது. கடைசியில் வேறு ஊரிலிருந்து அதிக விலைக்குப் பெட்டி வாங்கி அனுப்பினார். அன்றைக்குத்தான் எங்கள் அறிவிப்பை வாடிக்கையாளர் பக்கம் நின்று படித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு முறையாக மாற்றிப் பார்த்தோம். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதை 2026 தீபாவளியின் தேதிகளை வைத்தே சொல்கிறேன்.

மூடும் தேதியா, கடைசி ஆர்டர் தேதியா

மூடும் தேதியை மட்டும் சொல்வது எளிது. தேதி ஏற்கெனவே தெரியும், அதை அடித்து அனுப்பினால் போதும். கடை வைத்திருப்பவருக்கு அது சரியாக இருக்கலாம்; கடை திறந்திருக்கும் கடைசி நிமிடம் வரை அலமாரியில் இருக்கும் பொருளை விற்கலாம். செய்து கொடுக்கிற தொழிலில் மூடும் தேதியைச் சொன்னால், அதற்கு முந்தின நாள் வரை நாங்கள் வேலை வாங்குவோம் என்றுதான் எதிராளி எடுத்துக்கொள்வார். அதனால் கடைசி ஆர்டர் தேதியைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் தேதியைக் கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நவம்பர் 6 வெள்ளி முதல் 15 ஞாயிறு வரை யூனிட்டை மூடுவதாக வைத்துக்கொள்வோம். பார்த்தால் 5-ஆம் தேதி வரை வேலை நடக்கும் போலத் தெரியும். நடக்காது. போனஸ் 4-ஆம் தேதி புதன் மாலை போடுவதாக இருந்தால், முழு ஆட்களோடு வேலை நடக்கும் கடைசி நாள் அந்தப் புதன்தான். மறுநாள் பாதிப் பேர் துணி எடுக்கப் போய்விடுவார்கள், மீதிப் பேர் ஊருக்கு வண்டி ஏறிவிடுவார்கள். அது அவர்கள் வருடம் முழுக்கக் காத்திருந்த நாள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 5-ஆம் தேதியை முடிந்த பெட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்புவதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே நாங்கள் பின்னோக்கி எண்ணத் தொடங்குவது மூடும் நாளிலிருந்து அல்ல, போனஸ் நாளிலிருந்து.

ஏற்கெனவே போட்ட டிசைனில் திரும்பப் பெட்டி போட எங்களுக்கு 4 வேலை நாள் பிடிக்கும். பேப்பர் ரீலை ஏற்றி, ஃபுளூட் என்கிற நெளிவைப் போட்டு, ஒட்டி, காய விட்டு, பிரிண்டிங் அடித்து, ஸ்லாட் வெட்டி, பின் அடித்துக் கட்டுவது வரை அதில் அடக்கம். இதில் அவசரப்படுத்தவே முடியாத இடம் காய விடுவதுதான். ஐப்பசி அடைமழைக் காலம். பசை காயாத ஷீட்டைப் பிரிண்டிங்கில் ஏற்றினால் ஃபுளூட் அமுங்கிவிடும். பெட்டி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஆறு பெட்டி மேலே அடுக்கினால் அடிப்பெட்டி பிதுங்கும். கட்டைவிரலால் ஷீட்டின் நடுவில் அழுத்திப் பார்த்தால் தெரியும். காய்ந்த ஷீட் எதிர்த்து நிற்கும், காயாதது பள்ளம் விழுந்து அப்படியே இருக்கும்.

சாதாரண மாதத்தில் 4 நாள் என்றால் தீபாவளிக்கு முன் எல்லோருடைய வேலையும் வரிசையில் நிற்பதால் இன்னும் 3 நாள் கூட்ட வேண்டும். ஆக 7 வேலை நாள். நவம்பர் 4, 3, 2, ஞாயிறை விட்டுவிட்டு அக்டோபர் 31, 30, 29, 28. அப்படியென்றால் அக்டோபர் 27 செவ்வாய் மாலைக்குள் ஆர்டர் கைக்கு வந்தாக வேண்டும். புது டிசைன் என்றால் ஸ்டீரியோ என்கிற பிரிண்டிங் அச்சை வெளியே செய்து வாங்கி, ஒரு பெட்டி அடித்துக் காட்டி, சரி என்று வாங்குவதற்கு மேலும் 3 நாள். நடுவில் ஒரு ஞாயிறு வருவதால் அது அக்டோபர் 23 வெள்ளிக்குப் போய்விடும். எங்களிடம் எப்போதும் ஸ்டாக்கில் இருக்கும் பிரிண்ட் இல்லாத பெட்டி மட்டும் வேண்டுமென்றால் நவம்பர் 4 மதியம் வரை சொல்லலாம்.

ஒரே தேதி சொல்வதா, இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொல்வதா என்று எங்களுக்குள் பேச்சு நடந்தது. ஒரே தேதி மனதில் நிற்கும், உண்மைதான். ஆனால் ஒரே தேதி என்றால் மூன்றில் முந்தினதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது பழைய டிசைன்காரர் காரணமே இல்லாமல் நான்கு நாளை இழக்கிறார், ஸ்டாக் பெட்டி வாங்குபவரோ நேரம் தாண்டிவிட்டது என்று நினைத்து வேறு இடம் போய்விடுகிறார். இப்போது மூன்று தேதிகளையும் சொல்கிறோம், ஆனால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்வதில்லை. யார் எந்த மாதிரிப் பெட்டி வாங்குகிறார் என்பது எங்கள் பில் புத்தகத்திலேயே இருக்கிறது. அவரவருக்குப் பொருந்தும் தேதி மட்டும் அவரவருக்குப் போகிறது.

லீவு 10 நாள், காத்திருப்பு 23 நாள்

திறக்கும் தேதியைச் சொல்வதிலும் இதே சிக்கல்தான். "16-ஆம் தேதி முதல் வழக்கம்போல் இயங்கும்" என்று எழுதிவிடுவோம். 16-ஆம் தேதி திங்கட்கிழமை ஷட்டர் திறக்கும், விளக்கு ஏற்றுவோம், போன் எடுப்போம். பெட்டி வராது.

எங்களிடம் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் பீகார்க்காரர்கள். அவர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிய பண்டிகை சத் பூஜை. நம் ஊரில் சூரசம்ஹாரம் நடக்கும் அதே சஷ்டியில் அங்கே சத். 2026-ல் அது நவம்பர் 15-ல் வருகிறது. மறுநாள் காலை சூரியனுக்கு நீர் வார்த்த பிறகுதான் விரதம் முடியும். 16-ஆம் தேதி அங்கே பூஜை முடித்தவர் 16-ஆம் தேதி இங்கே மிஷின் முன்னால் நிற்க முடியாது. ரயிலில் வந்து சேரவே இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை உள்ளூர் ஆட்களை வைத்து ஒரு மிஷின்தான் ஓட்ட முடியும். அதனால் திறந்த பிறகு முதல் டெலிவரி நவம்பர் 20 வெள்ளி என்று வைத்திருக்கிறோம்.

இப்போது இதை வாடிக்கையாளர் பக்கமிருந்து எண்ணிப் பாருங்கள். எங்கள் லீவு 10 நாள். கடைசி டெலிவரி நவம்பர் 5, அடுத்தது 20 என்றால் பெட்டி வராத காலம் 15 நாள். அக்டோபர் 27-ஐத் தவறவிட்டு 28-ஆம் தேதி ஆர்டர் சொல்பவர் பெட்டியைப் பார்ப்பது நவம்பர் 20-ல், அதாவது 23 நாள் கழித்து. கார்ட்டன் ஆர்டரை எப்போதும் ஒரு வாரத்துக்கு முன் சொல்லிப் பழகியவருக்கு இது தலைகீழ்க் கணக்கு. "10 நாள் லீவு" என்று மட்டும் எழுதும்போது இந்த 23 நாளை நாங்கள் மறைத்ததாகவே ஆகிவிடுகிறது. எனவே திறக்கும் தேதி, முதல் டெலிவரி தேதி இரண்டையும் எழுதுவது என்று முடிவு செய்தோம். இரண்டில் ஒன்றுதான் எழுத இடம் இருக்கிறது என்றால் முதல் டெலிவரி தேதியை எழுதுவேன்.

இந்தத் தேதிகள் எப்போது தெரியும் என்று கேட்கலாம். ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. நவம்பர் முதல் வாரம் கிளம்புகிறவர்கள் செப்டம்பர் முதல் வாரத்திலேயே டிக்கெட் போட்டாக வேண்டும், திரும்பி வரும் டிக்கெட்டையும் செப்டம்பர் முடிவதற்குள் போட்டுவிடுவார்கள். அந்த வாரங்களில் சூப்பர்வைசர் ஒரு நோட்டில் யார் எந்த நாள் போகிறார், எந்த நாள் திரும்புகிறார் என்று எழுதி வாங்கிவிடுவார். டிக்கெட் உறுதியாகாமல் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர் பெயருக்கு எதிரே ஒரு சுழி போடுவார். எங்கள் லீவுத் தேதியும் முதல் டெலிவரி தேதியும் அந்த நோட்டிலிருந்துதான் வருகின்றன. அதைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்து முடிவு செய்த வருடங்களில் எல்லாம் திறந்த பிறகு வாக்குத் தவறியிருக்கிறோம்.

ஆர்டர் என்றால் எது

"ஆர்டர் அன்னிக்கே சொன்னனுங்களேண்ணா!" ஒவ்வொரு வருடமும் கேட்கும் வார்த்தை இது. சொல்வதும் உண்மைதான். கடைசி நாள் சாயங்காலம் போன் செய்து "நமக்கு ஒரு 800 பாக்ஸ் எழுதிக்கங்க" என்று சொல்லியிருப்பார். சைஸ் மூன்று நாள் கழித்து வரும். பெட்டியின் பக்கவாட்டில் அடிக்க வேண்டிய ஷிப்பிங் மார்க் அதற்கு மறுநாள் வரும். அவர் கணக்கில் போன் செய்த நாள் ஆர்டர் நாள். எங்கள் கணக்கில் மிஷினில் ஏற்றத் தேவையான எல்லாம் கைக்கு வந்த நாள் ஆர்டர் நாள்.

சைஸ் ஏன் தாமதமாகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. ஒரு பெட்டியில் எத்தனை பீஸ், எந்த சைஸ் எத்தனை என்ற பேக்கிங் ரேஷியோ முடிவானால்தான் பெட்டியின் நீள அகல உயரம் முடிவாகும். அது வெளிநாட்டு பையர் சொல்ல வேண்டியது. கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கையில் இல்லை. பக்கவாட்டில் அடிக்க வேண்டிய பையர் பெயர், பி.ஓ. எண், ஸ்டைல் எண், எடை விவரங்களும் அப்படித்தான். ஆகவே "அக்டோபர் 27 கடைசி" என்று மட்டும் சொன்னால், மெர்ச்சண்டைசர் நல்லெண்ணத்தோடு 27-ஆம் தேதி போன் செய்வார். "சைஸ், ஷிப்பிங் மார்க், எண்ணிக்கை மூன்றும் 27-ஆம் தேதி மாலை 6 மணிக்குள் எங்கள் கைக்கு வர வேண்டும்" என்று சொன்னால், அவர் 20-ஆம் தேதியே பையருக்கு மெயில் போட்டுக் கேட்பார். இந்த ஒரு வாக்கியத்தை மாற்றியதில் கிடைத்த பலன் வேறு எதிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

சைஸ் வரவில்லை, ஆனால் வேலை நிச்சயம் என்பவருக்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறோம். எத்தனை பிளை, ஏறக்குறைய எத்தனை பெட்டி என்று மட்டும் முன்னால் சொல்லிவிட்டால் பேப்பர் வாங்கி வைத்துவிடுவோம். மற்ற விவரம் 27-க்குள் வர வேண்டும். அதை நாங்கள் ஆர்டர் என்று சொல்வதில்லை, "பேப்பர் புக்கிங்" என்கிறோம். பெயரைத் தனியாக வைத்ததால் குழப்பம் குறைந்தது.

உண்மைத் தேதியா, முன்கூட்டிச் சொல்லும் தேதியா

எங்கள் தெருவிலேயே சிலர் உண்மையான கடைசித் தேதிக்கு ஐந்து நாள் முந்தைய தேதியைச் சொல்வார்கள். எப்படியும் தாமதமாகத்தான் வருவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லி வைப்போம் என்பது கணக்கு. நாங்களும் இரண்டு வருடம் செய்தோம். முதல் வருடம் அருமையாக வேலை செய்தது. ஐந்து நாள் முந்தின தேதியைச் சொன்னோம், உண்மைத் தேதி வரை வந்தவற்றை வாங்கிக்கொண்டோம். இரண்டாம் வருடம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: இவர்கள் சொல்லும் தேதிக்கு மேல் ஐந்து நாள் இருக்கிறது. தேதியைத் தாண்டி வந்தவருக்கு வேலை நடந்தது. சொன்ன தேதிக்குள் ஒழுங்காகக் கொடுத்தவர் வரிசையில் அவரோடு சேர்ந்து காத்திருந்தார். ஒழுங்காக இருந்தவருக்குத்தான் நஷ்டம் என்று ஆனது எனக்கு உறுத்தியது.

இப்போது உண்மைத் தேதியைத்தான் சொல்கிறோம், தாண்டினால் வாங்குவதில்லை. முதல் வருடம் இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் போய்விட்டார், திரும்பி வரவில்லை. ஆனால் ஏன் 27 என்று கேட்டவர்களுக்கு மேலே சொன்ன 7 நாள் கணக்கை அப்படியே சொல்லிவிடுகிறேன். போனஸ் நாள், காய விடும் நாள், வரிசை. கணக்கைக் கேட்டவர் பேரம் பேசுவதில்லை, ஏனென்றால் அவர் கம்பெனியிலும் அதே போனஸ்தான், அதே ரயில்தான்.

புதிதாகத் தொழில் தொடங்கியவராக இருந்தால், எத்தனை நாள் வேலை பிடிக்கும் என்றே இன்னும் சரியாகத் தெரியாது. அவர் முதல் வருடம் இரண்டு நாள் கூட்டிச் சொல்வது தப்பில்லை. அந்த இரண்டு நாளை வேலை தாமதத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும், தேதி தாண்டி வருபவருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

ஒரு முறையா, பல முறையா

ஒரு மாதத்துக்கு முன் ஒரே முறை சொன்னால் மறந்துவிடுகிறார்கள். ஒரு வாரத்துக்கு முன் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை, ஏனென்றால் பையரிடம் சைஸ் வாங்கவே ஒரு வாரம் வேண்டும். தினமும் ஞாபகப்படுத்தினால் எங்கள் மெசேஜைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள். மூன்று முறை என்பது எங்களுக்குச் சரியாக வந்தது. செப்டம்பர் கடைசியில் ஒன்று, அக்டோபர் 14 வாக்கில் ஒன்று, 24-ஆம் தேதி ஒன்று. ஆயுத பூஜை 19, விஜயதசமி 20. அந்த இரண்டு நாளும் அதைச் சுற்றியும் யாரும் வேலைச் செய்தி படிப்பதில்லை. எனவே இரண்டாவதை அதற்கு முன்னாலேயே அனுப்பிவிட வேண்டும்.

மூன்றும் ஒரே செய்தி அல்ல. முதலாவது எல்லோருக்கும். இரண்டாவதில் "உங்களுக்கு இந்தத் தடவை எத்தனை பெட்டி இருக்கும்?" என்ற கேள்வி இருக்கும். மூன்றாவது, அதற்குப் பதில் சொல்லாதவர்களுக்கு மட்டும்.

அந்த நடுக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. கடைசித் தேதி என்று ஒன்றைச் சொன்னதும் எல்லோருக்கும் அதுவே ஆர்டர் தேதியாகிவிடுகிறது. ஒரு வருடம் கடைசி இரண்டு நாளில் மட்டும் 11 ஆர்டர் வந்தது. எல்லாமே சொன்ன தேதிக்குள் வந்தவைதான். எங்களால் 7 நாளில் முடிக்க முடிந்தது அதில் பாதி. தேதியைக் கடைப்பிடித்தவரிடம் "முடியாது" என்று சொல்ல வேண்டி வந்தது. அதைவிடச் சங்கடம் இல்லை. எண்ணிக்கையை முன்னால் கேட்டு வாங்கிவிட்டால், 15-ஆம் தேதியே வரிசை நிரம்புகிறதா என்று தெரிந்துவிடும். நிரம்பினால் புது வாடிக்கையாளருக்குச் சொல்லும் தேதியை அப்போதே முன்னுக்கு இழுக்கலாம், அல்லது பழகிய வேறு யூனிட்டில் கொஞ்சம் போட்டு வாங்க ஏற்பாடு செய்யலாம்.

யாருக்கு, எதில்

எந்த ஆப்பில் அனுப்புவது என்று யோசிப்பதற்கு முன், யாருக்கு அனுப்புவது என்பதைப் பார்க்க வேண்டும். எங்கள் போனில் பதிந்திருந்தது பெரும்பாலும் முதலாளிகளின் எண்கள். பெட்டி ஆர்டர் கொடுப்பது மெர்ச்சண்டைசர். பெட்டி தீர்ந்துவிட்டதென்று முதலில் தெரிவது பேக்கிங் சூப்பர்வைசருக்கு. முதலாளிக்குப் போன செய்தி நூறு தீபாவளி வாழ்த்துகளுக்கு நடுவில் நின்றுவிடும், கீழே போகாது. ஒரு முழு நாள் உட்கார்ந்து, கடந்த ஆறு மாதத்தில் யார் போன் செய்து ஆர்டர் கொடுத்தார் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் எழுதினோம். 140 கம்பெனிக்கு 190 எண் வந்தது. மெர்ச்சண்டைசர்கள் வேலை மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் இந்தப் பட்டியலை ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்தான் எங்களுக்கு முதல் வழி. ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், 190-க்கு ஒன்றே போதும். ஆனால் மூன்று தேதி மூன்று மாதிரிப் போக வேண்டுமே, அதனால் மூன்று லிஸ்ட்டாகப் பிரித்தோம். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும். சேமிக்காதவருக்குப் போகாது, போகவில்லை என்று நமக்குச் சத்தமும் வராது. அனுப்பி ஒரு நாள் கழித்து அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து, விவரத்தில் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, யார் படித்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். முதல் தடவை பார்த்தபோது ஏறக்குறைய 40 பேருக்குப் போகவே இல்லை. அவர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினோம்.

குரூப் தொடங்கலாமே என்று பையன் சொன்னான். வேண்டாம் என்றேன். எங்கள் வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் போட்டிக் கம்பெனிகள். யார் எங்களிடம் வாங்குகிறார், எத்தனை பெட்டி என்பது மற்றவருக்குத் தெரியக் கூடாது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும், பார்த்தால் பார்த்தார், அவ்வளவுதான். எஸ்எம்எஸ் மொத்தமாக அனுப்ப வேண்டுமென்றால் டிஎல்டி என்கிற டெலிகாம் பதிவுத் தளத்தில் கம்பெனியைப் பதிந்து, அனுப்பும் பெயரைப் பதிந்து, செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வாடிக்கையாளர் இருந்தால் செய்யலாம், 190 பேருக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

நான் எதிர்பார்க்காமல் நன்றாக வேலை செய்தது காகிதம். அக்டோபர் முதல் தேதியிலிருந்து போகும் ஒவ்வொரு டெலிவரி சலானோடும் கால் பக்க மஞ்சள் தாள் ஒன்றைப் பின் அடித்துக் கொடுத்தோம். சலானில் கையெழுத்துப் போடுபவர் பேக்கிங் சூப்பர்வைசர். அவர் அந்தத் தாளைக் கிழித்துத் தன் மேஜைக்கு மேல் ஒட்டிவிடுகிறார். போன வருடம் ஒரு கம்பெனிக்கு டெலிவரி கொடுக்கப் போனபோது, டேப் ஒட்டி ஒட்டிக் கறுத்த சுவரில் எங்கள் தாள் இருந்தது, கடைசி ஆர்டர் தேதியைச் சுற்றிச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் வட்டம் போட்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் அது நடக்காது. ஆனால் அக்டோபரில் நம்மிடம் பெட்டி எடுக்காதவருக்கு இந்தத் தாள் போய்ச் சேராது என்பதால் இதை மட்டும் நம்பவும் முடியாது.

பெரிய 20 வாடிக்கையாளர்களுக்குப் போன். இதில் வேறு வழி கிடையாது. எங்கள் வேலையில் முக்கால்வாசி அவர்களிடமிருந்துதான் வருகிறது. ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நவம்பரில் என்ன ஷிப்மெண்ட் இருக்கிறது என்று போனில்தான் சொல்வார்கள், எழுத்தில் சொல்ல மாட்டார்கள்.

எழுதும் விதம்

தேதியை வாழ்த்துப் படத்துக்குள் போட்டு அனுப்பாதீர்கள். விளக்கும் பூவும் இருக்கும் படத்தை யாரும் பெரிதாக்கிப் படிப்பதில்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பிறகு தேடி எடுப்பதும் கஷ்டம். வெறும் எழுத்தாக அனுப்பினால், மெர்ச்சண்டைசர் அப்படியே பையருக்கோ பேக்கிங்குக்கோ தள்ளிவிடலாம். நாங்கள் பழைய டிசைன்காரர்களுக்கு அனுப்பும் செய்தி இது:

> கார்ட்டன் பாக்ஸ் – தீபாவளிக்கு முன் கடைசி ஆர்டர்: அக்டோபர் 27, செவ்வாய், மாலை 6 மணி.
> சைஸ், ஷிப்பிங் மார்க், எண்ணிக்கை மூன்றும் அதற்குள் எங்களுக்கு வர வேண்டும்.
> இவற்றின் டெலிவரி நவம்பர் 5, வியாழனுக்குள் முடியும்.
> 27-க்குப் பிறகு வரும் ஆர்டர்களின் முதல் டெலிவரி: நவம்பர் 20, வெள்ளி.
> விடுமுறை: நவம்பர் 6 வெள்ளி முதல் 15 ஞாயிறு வரை.
> புது டிசைன் இருந்தால் உடனே போன் செய்யுங்கள், அதற்குத் தேதி வேறு.

விடுமுறை வரி கடைசிக்கு முந்தின இடத்துக்குப் போயிருப்பதைக் கவனியுங்கள். முன்பு அதுதான் முதல் வரி. படிப்பவர் அடுத்துச் செய்ய வேண்டியது 27-ஆம் தேதிக்கு, அதனால் அது மேலே. தேதியோடு கிழமையும் எழுதுகிறோம், ஏனென்றால் "அடுத்த செவ்வாய்" என்று போனில் சொன்னதை ஒருவர் ஒரு வாரம் தள்ளிப் புரிந்துகொண்ட அனுபவம் உண்டு. வாழ்த்தை நவம்பர் 7-ஆம் தேதி தனியாக அனுப்புகிறோம், அதில் தேதியோ வியாபாரமோ எதுவும் இருக்காது.

லீவு நாட்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் அவே மெசேஜ் வைத்துவிடலாம், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று நேரம் குறித்துவிட்டால் தானாகப் பதில் போகும். அதில் "விடுமுறையில் இருக்கிறோம்" என்று மட்டும் வைக்காமல், "இப்போது விவரம் அனுப்பினால் 16-ஆம் தேதி வரிசையில் ஏற்றிவிடுவோம், முதல் டெலிவரி 20" என்று வைக்கிறோம். லீவில் விவரம் அனுப்பி வைத்தவர்களின் பட்டியலை 16-ஆம் தேதி காலை விளக்கு ஏற்றியதும் எடுத்து, வந்த வரிசைப்படி எண் போட்டு, ஒவ்வொருவருக்கும் அவர் பெட்டி எந்த நாள் வரும் என்று மதியத்துக்குள் போனில் சொல்லிவிடுகிறோம். ரயில் தாமதமாகி ஆள் வந்து சேரவில்லை என்றால், அதுவும் அந்தப் போனிலேயே தெரிந்துவிடும்.